உயிரொலிக்குப் பொட்டு வைப்பது எப்படி? கார்டினல் உயிர்களும் உயிர் நாற்பக்கலும்: தொடக்கநிலையாளர் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையின் பின்னறையில் சனிக்கிழமைகளில் ஒலியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் எடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், பேச்சு வழக்குகளைப் பதிவுசெய்ய விரும்பும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். முதல் மூன்று வகுப்புகளில் அவர்கள் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். தமிழின் உகரத்தைப் பற்றிய பதில் மட்டும் நீளம். ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வாசியுங்கள்.

தமிழில் பன்னிரண்டு உயிர் இருக்கு. பிறகு இந்த எட்டுக் கார்டினல் உயிரும் எந்த மொழியின்ர உயிர், ரீச்சர்?

எந்த மொழியினதும் இல்லை. இதை முதல் நாளே மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு காணியை அளக்க வருகிறவர் நாலு மூலையிலும் எல்லைக்கல் நாட்டுவார். வீடு, கிணறு, மாமரம் எல்லாம் கற்களுக்கு உள்ளே இருக்கும். கல்லின் மேல் யாரும் வீடு கட்டுவதில்லை. ஆனால் கிணறு எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்ல அந்தக் கல் வேண்டும்: "வடகிழக்குக் கல்லில் இருந்து இத்தனை அடி." கார்டினல் உயிர்களும் அப்படி நாட்டிய கற்கள்தான். மனித வாயில் உயிரொலி பிறக்கக்கூடிய இடத்தின் ஓரத்தில் அவை நிற்கின்றன. தமிழின் ஈ, ஆங்கிலத்தின் நெடிய ஈ, சிங்களத்தின் ஈ ஆகிய மூன்றும் முதலாம் கல்லுக்குக் கிட்ட, ஆனால் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். "ஈ மாதிரி ஒரு ஒலி" என்றால் எந்த ஈ என்ற கேள்வி வரும். "முதலாம் கார்டினலுக்குச் சற்றுக் கீழே" என்றால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இந்த முறையை வகுத்தவர் லண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜில் ஒலியியல் கற்பித்த டானியல் ஜோன்ஸ். 1917இல் வெளிவந்த அவருடைய ஆங்கில உச்சரிப்பு அகராதியில் இதைப் பார்க்கலாம். எட்டுக்கும் எண்ணும் குறியும் இப்படி:

```
1 i        8 u
2 e        7 o
3 ɛ        6 ɔ
4 a        5 ɑ
```

இடப்பக்கம் முன் உயிர்கள், வலப்பக்கம் பின் உயிர்கள். மேலே இருப்பவற்றுக்கு நாக்கு அண்ணத்தை நெருங்கும், கீழே இருப்பவற்றுக்கு விலகி வாய் திறக்கும். 6, 7, 8 மூன்றுக்கும் உதடு குவியும், 8க்கு ஆகக் கூடுதலாக. மற்ற ஐந்துக்கும் குவியாது.

உயிர் நாற்பக்கல் படத்தைக் கொப்பியில எப்படிக் கீறுறது? ஒவ்வொரு புத்தகத்திலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.

அடிமட்டத்தை எடுங்கள். மேலே 8 சென்ரிமீற்றருக்குக் கிடைக்கோடு. அதன் வலது முனையில் இருந்து நேர் கீழே 6 சென்ரிமீற்றர். அங்கிருந்து இடப்பக்கமாக 4 சென்ரிமீற்றர். இப்போது இடப்பக்கத்தில் மிஞ்சிய இரண்டு முனைகளையும் சேர்த்தால் ஒரு சாய்கோடு வரும். கணிதப் பாடத்தில் படித்த சரிவகம்தான். செங்கோணம் இரண்டும் வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். அடி 2, பின்பக்கம் 3, மேல் 4 என்ற விகிதம் எளிதாகக் கீறுவதற்காக வழக்கத்தில் நிலைத்தது. வாயை அளந்து எடுத்த எண்கள் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு வலப்பக்க நிலைக்கோட்டை 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் மூன்றாகப் பிரித்து, இரண்டு கிடைக்கோடுகள் இழுங்கள். நாலு மட்டங்கள் கிடைக்கும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 என்றும், வலது ஓரத்தில் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8 என்றும் எழுதுங்கள். முகம் இடப்பக்கம் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால் உதடு இடது கையிலும் தொண்டை வலது கையிலும் வரும். ஓர் உயிரொலி இந்தப் படத்தில் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைத்தான் பொட்டு என்கிறோம்.

இடப்பக்கம் ஏன் சாய்ஞ்சிருக்கு? சதுரமாக் கீறினால் என்ன?

வாய் திறக்கத் திறக்க நாக்குக்கு முன்னும் பின்னும் அசையக் கிடைக்கும் இடம் குறைகிறது. மேல் மட்டத்தில் ஈக்கும் ஊவுக்கும் இடையில் நாக்கு நெடுந்தூரம் போகும். அடி மட்டத்தில் தாடை இறங்கிவிட்டதால் நாக்கின் உயர்ந்த பகுதி அவ்வளவு முன்னே போக முடியாது. சொல்லிப் பாருங்கள்: ஈ–ஊ–ஈ–ஊ என்று மாறி மாறிச் சொல்லும்போது நாக்கு ஓடும் ஓட்டத்தைத் தெளிவாக உணரலாம். ஆவை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பார்த்தால் அந்த அளவு வித்தியாசம் கிடைக்காது. சதுரமாகக் கீறினால் இந்த உண்மை மறைந்துவிடும்.

நாக்கு எங்க நிக்குது எண்டே எனக்குத் தெரியேல்ல. எப்படிப் பிடிக்கிறது?

மெய்யொலியில் நாக்கு எங்காவது முட்டும், அதனால் தெரியும். உயிரில் எதிலும் முட்டாது, அதுதான் சிக்கல். மூச்சை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஈ சொல்லி, வாயை அப்படியே வைத்துக்கொண்டு சத்தத்தை நிறுத்துங்கள். இனி மூச்சை வாயால் உள்ளே இழுங்கள். நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் ஒடுக்கமான இடத்தில் குளிரும். ஈக்கு அந்தக் குளிர் முன் அண்ணத்தின் கீழே தெரியும். ஊவுக்குச் செய்தால் நன்றாகப் பின்னால் போய்விடும். இரண்டையும் நாலைந்து தரம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

சரி, இனிக் கற்களை நாட்டலாம். எட்டில் இரண்டைத்தான் நாக்கைக் கொண்டு பிடிக்க முடியும்: 1உம் 5உம். மற்றவை காதால் பிடிப்பவை.

முதலாவதுக்கு, உதட்டை இரு பக்கமும் விரித்து ஈ சொல்லுங்கள். நாக்கை இன்னும் மேலே, இன்னும் முன்னே தள்ளுங்கள். ஓர் இடத்தில் மூச்சு உரசி 'ஸ்' கலந்த ஒரு சீறல் கேட்கும். அந்த இடத்தில் அது உயிர் இல்லை, மெய்யாகிவிட்டது. சீறல் நிற்கும் அளவுக்கு மட்டும் நாக்கைத் தளர்த்துங்கள். அதுதான் 1. வழக்கமான தமிழ் ஈ இதற்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் தளர்வாக இருப்பதைக் கேட்பீர்கள்.

ஐந்தாவதுக்கு, தொண்டையைப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் ஆ சொல்லச் சொல்வாரே, அங்கிருந்து தொடங்குங்கள். உதட்டைக் குவிக்காமல் நாக்கைப் பின்னாலும் கீழேயும் இழுத்தால் தொண்டை கரகரக்கத் தொடங்கும். அதற்கு ஒரு மயிரிழை முன்னே 5.

இனி 1இல் இருந்து கீழே இறங்க வேண்டும். 2, 3, 4 மூன்றும் காதுக்குச் சம இடைவெளியில் அமைய வேண்டும் என்பது ஜோன்ஸ் சொன்ன விதி. பிறகு அதே அளவு அடி வைத்து 5இல் இருந்து 6, 7, 8 என்று மேலே ஏற வேண்டும். இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் 3. தமிழ் ஏ 2க்கும் 3க்கும் இடையில், 2க்குக் கிட்ட இருக்கிறது. அதனால் நம் பிள்ளைகள் 2ஐ ஏ என்று சொல்லி, அடுத்த அடியையும் ஏ என்றே சொல்லி, பிறகு ஒரே பாய்ச்சலில் ஆவுக்குப் போய்விடுவார்கள். இதைத் தவிர்க்கச் சிங்களம் எங்களுக்கு உதவுகிறது. சிங்களத்தில் 'ஏன்' என்று கேட்கும் சொல்லின் முதல் உயிர் நினைவிருக்கிறதா? தமிழில் எழுத எழுத்தில்லாத அந்த ஒலி 3க்கும் 4க்கும் நடுவில் நிற்கிறது. ஏயில் இருந்து அதற்குப் போகும் வழியில் பாதியில் நின்றால் 3க்குக் கிட்ட வந்துவிடுவீர்கள்.

எழுத்தில் வாசித்து மட்டும் இதைப் பழக முடியாது. ஜோன்ஸே தன் குரலில் கார்டினல் உயிர்களைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். 1956ஆம் ஆண்டுப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லி, உங்கள் குரலை போனில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். சுருதியை ஏற்றி இறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குரல் ஏறியதை நாக்கு ஏறியதாகக் காது எடுத்துக்கொள்ளும்.

'முத்து' எண்ட சொல்லில இரண்டு உ. இரண்டுக்கும் ஒரே பொட்டு வைச்சால் சரிதானே?

இல்லை. இந்தப் பாடம் முழுவதையும் இந்த ஒரு சொல்லிலேயே கற்றுக்கொள்ளலாம். அதனால் ஆறுதலாகப் பார்ப்போம்.

கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'முத்து' என்று, வீட்டில் பேசுகிற மாதிரி, இரண்டு மூன்று தரம் சொல்லுங்கள். முவுக்கு உதடு குவிந்து முன்னே வருகிறது. துவுக்கு அது தளர்ந்து சாதாரணமாக இருக்கிறது. சிலருக்குச் சற்று விரியும். எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. இலக்கணத்தில் முதலாவதை முற்றியலுகரம், கடைசியைக் குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று சொல்லும்போது இலக்கணம் அளவைச் சொல்கிறது. நாம் இப்போது பார்ப்பது அதன் தன்மையை.

இந்த இடத்தில் பிள்ளைகள் விடும் பிழை எப்போதும் ஒன்றுதான். "கடைசி உயிரை நீட்டிச் சொல்லு" என்று கேட்டால் 'முத்தூ' என்று உதட்டைக் குவித்துவிடுவார்கள். கொப்பியில் உ என்று இருப்பதால் வாய் எழுத்தை வாசிக்கிறது. ஒலியை அது மறந்துவிடுகிறது. அப்படி நீட்டிய ஒலியைப் பார்த்துப் பொட்டு வைத்தால் இரண்டு பொட்டும் 8க்குப் பக்கத்தில் விழும். ஆகவே முதலில் நீட்ட வேண்டாம். உதட்டை போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிடுங்கள். உதடு எப்போது தளர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த உதட்டை அப்படியே வைத்துக்கொண்டு நீட்டுங்கள்.

பொட்டு வைக்க மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: உயரம் என்ன, முன்னா பின்னா, உதடு எப்படி? உதட்டைக் கண்ணாடி சொல்லிவிட்டது. முதல் உகரத்தின் உயரத்தை அறிய, 8ஐ நாட்டுங்கள்: விளக்கை ஊதி அணைக்கிற அளவுக்கு உதட்டைக் குவித்து, நாக்கை மேலே பின்னே இழுத்து ஊ. பிறகு மு. குறில் அந்த உச்சிக்குப் போகாது. 8க்குச் சற்றுக் கீழே, சற்று உள்ளே நிற்கும். அங்கே ஒரு பொட்டு.

கடைசி உகரம்தான் கஷ்டம். உதடு குவியாவிட்டால் ஒலி காதுக்குக் கூர்மையாகக் கேட்கும். நாக்கு முன்னே வந்தாலும் அப்படியே கூர்மையாகக் கேட்கும். ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருப்பதால், காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பிரித்துப் பார்க்க ஒரு வழி: கடைசி உகரத்தை நீட்டிப் பிடியுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். வேண்டுமானால் இரண்டு விரலால் கன்னத்தை முன்னே தள்ளுங்கள். வருகிற ஒலி முவின் உயிரைப் போலவே இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உதடு மட்டும்தான். முவின் உயிரைவிடக் கூர்மையாக, ஈயின் சாயலோடு வந்தால், நாக்கும் முன்னே வந்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் அநேகருக்கு இரண்டாவதுதான் நடந்தது. என் வாயிலும் அப்படித்தான். நாக்கு ஊவுக்கு நிற்கிற இடத்தில் இருந்து நடுப்பக்கமாக வந்துவிடுகிறது. காரணம் பக்கத்தில் இருக்கும் த். அந்த மெய்க்கு நாக்கு நுனி பல்லோடு ஒட்டியிருக்கிறது, உயிரோ அரை மாத்திரை, பின்னால் போய்ச்சேர அதற்கு நேரமில்லை. இதைச் சரிபார்க்க 'மூக்கு' என்று சொல்லுங்கள். அங்கே க் நாக்கின் பின்பகுதியில் பிறப்பதால் கடைசி உகரமும் பின்னேயே நிற்கிறது. ஒரே குற்றியலுகரம் துவில் ஒரு இடத்தில், குவில் இன்னொரு இடத்தில்.

உதடு குவியாத மேல் பின்னுயிருக்கு, முதல் எட்டின் உதட்டு நிலையை மாற்றி அமைத்த ஜோன்ஸின் இரண்டாம் வரிசையில் 16 என்ற எண்ணும் [ɯ] என்ற குறியும் உண்டு. 8க்கு வைத்த நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் விரித்தால் கிடைப்பது அது. அதனோடு ஒப்பிட்டால் 'முத்து'வின் கடைசி உகரம் கொஞ்சம் கீழே, நன்றாக உள்ளே. 'மூக்கு'வின் கடைசி உகரம் கொஞ்சம் கீழே, சிறிதளவு மட்டும் உள்ளே. இவற்றை எல்லாம் [ɯ] என்று குறிப்பது வழக்கம், அதில் பிழையில்லை. ஆனால் குறி ஊரின் பெயர் மாதிரி, பொட்டு வீட்டு வாசல்.

ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. 'காசு', 'பசு' இரண்டையும் சொல்லிக் கண்ணாடியைப் பாருங்கள். இலக்கணப்படி முன்னது குற்றியலுகரம். தனிக்குறிலை அடுத்து வருவதால் பின்னது முற்றியலுகரம். 'பசு'வில் பலருக்கு உதடு குவிகிறது. சிலருக்கு அங்கேயும் தளர்கிறது. தளர்ந்தால் தளர்கிறது என்றே எழுதுங்கள். விதிக்கு ஏற்ற மாதிரிப் பொட்டை நகர்த்த வேண்டாம்.

ஆவை 4இல போடுறதா, 5இல போடுறதா?

இரண்டிலும் இல்லை. தமிழ் ஆ அடி மட்டத்தில், 4க்கும் 5க்கும் நடுவில் நிற்கிறது. சோதிப்பது எளிது. ஆ சொல்லிக்கொண்டு நாக்கை முன்னே நகர்த்தினால் ஆங்கிலச் சாயல் வரும். பின்னே இழுத்தால் குரல் கனத்துத் தொண்டைக்குப் போகும். இரண்டு பக்கமும் போக இடம் இருந்தால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். குறில் அ இதைவிட மேலே, நடுப்பகுதியில். ஆவைச் சுருக்கினால் அ வரும் என்று நினைக்கிறோம். 'பல்', 'பால்' இரண்டிலும் உயிரை மட்டும் பிரித்துக் கேட்டால் தாடை இறங்கும் அளவே வேறு என்பது தெரியும்.

என் முதல் படத்தில் ஆவை 4இலேயே குத்தியிருந்தேன். அந்தக் குறி பார்க்க ஆங்கில எழுத்தின் ஆ மாதிரி இருந்ததுதான் காரணம். காதால் கேட்காமல் குறியைப் பார்த்துப் பொட்டு வைத்தால் இப்படித்தான் ஆகும். எல்லாப் பொட்டும் அழகாகக் கற்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு பிள்ளையின் கொப்பியில் அப்படி ஒரு படத்தைக் கண்டால், அவர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் 'குடை' எண்டுறன், என்ர சினேகிதி 'கொடை' எண்டுறா. ஆர் பிழை?

ஒருவரும் பிழை இல்லை. வன்னியில் இரண்டையும் கேட்கலாம். மலையகத்தில் இருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களின் பேச்சில் அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முதல் அசையின் உ ஒவாகவும், இ எவாகவும் இறங்குவது உண்டு: குடை–கொடை, இடம்–எடம். தமிழ்நாட்டுப் பேச்சிலும் இது பரவலாக இருக்கிறது.

நாற்பக்கலில் இதைப் பார்த்தால் அழகு தெரியும். உவில் இருந்து ஒவுக்குப் போவது வலது ஓரமாக ஒரு மட்டம் இறங்குவது. இவில் இருந்து எவுக்குப் போவது இடது ஓரமாக அதே ஒரு மட்டம் இறங்குவது. அடுத்த அசையின் உயிர் கீழே இருப்பதால், முன்னால் நிற்பதையும் அது கீழே இழுக்கிறது. எழுத்தில் பார்த்தால் தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள், படத்தில் பார்த்தால் ஒரே அசைவு. நீங்களும் சினேகிதியும் ஒரே நாற்பக்கலில் இரண்டு நிறப் பேனையால் பொட்டு வையுங்கள். அவருடைய 'கொடை'யின் உயிர் 7க்கு எவ்வளவு கிட்ட என்பதையும் பாருங்கள். முழு ஒவாக இறங்காமல் இரண்டுக்கும் நடுவில் நின்றாலும் ஆச்சரியமில்லை.

ஐ, ஔ இரண்டும் எங்க?

அவை ஓரிடத்தில் நிற்பவை அல்ல. ஒரு பொட்டில் தொடங்கி இன்னொன்றை நோக்கி நகர்கின்றன. ஆகவே தொடங்கும் இடத்தில் பொட்டு, போகும் பக்கம் அம்புக்குறி. ஐக்கு அம்பு 1ஐ நோக்கி, ஔவுக்கு 8ஐ நோக்கி. இரண்டும் கல்லைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும்.

இதெல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கு எண்டு அப்பா சொல்றார். உண்மையோ?

ஒரு பகுதி உண்மை. பிறப்பியலில் உயிர்களை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறது. அ, ஆ இரண்டும் அங்காந்து, அதாவது வாய் திறந்து பிறப்பவை. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அப்படித் திறந்து, கூடவே அடிநாவின் விளிம்பு மேற்பல்லைப் பொருந்தப் பிறப்பவை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறப்பவை. இந்த மூன்று கூட்டத்தையும் நாற்பக்கலில் வண்ணம் தீட்டினால் அடி, இடது, வலது என்று பிரிந்து நிற்கும். ஈ சொல்லும்போது நாக்கின் இரு பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடுவதை நீங்களே உணரலாம். அவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் என்னைச் சிலிர்க்க வைக்கும்.

இல்லாதது அளவு. ஈக்கும் ஏக்கும் இடையில் எவ்வளவு தூரம், என் ஏக்கும் உங்கள் ஏக்கும் எவ்வளவு வேறுபாடு என்று சொல்ல அங்கே வழியில்லை. அந்த வேலைக்குத்தான் கற்கள் வேண்டியிருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தால் நாக்கு உண்மையிலேயே அந்தந்தப் புள்ளியிலயோ நிக்கும்?

நிற்காது. மூலையில் இருக்கும் 1, 4, 5, 8 நான்குக்கும் ஜோன்ஸ் எக்ஸ்ரே எடுத்தார். நாக்கின் மேல் மெல்லிய உலோகச் சங்கிலி ஒன்றைக் கிடத்தி, அது படத்தில் விழும் கோட்டைப் பார்த்தார். அந்த நான்குக்கும் ஓரளவு பொருந்தியது. ஆனால் மற்றவர்கள் பிற்காலத்தில் எடுத்த படங்களில், நாக்கின் உயர்ந்த புள்ளிகள் நாற்பக்கலில் உள்ள மாதிரிச் சம இடைவெளியில் வரவில்லை. அது எதிர்பார்க்க வேண்டியதுதான், ஏனென்றால் 2, 3, 4, 6, 7, 8 எல்லாம் காதின் அளவில் நாட்டியவை. ஆகவே நாற்பக்கலை வாயின் குறுக்குவெட்டுப் படம் என்று எண்ண வேண்டாம். முன்–பின், மேல்–கீழ் என்ற பெயர்கள் நாக்கில் இருந்து வந்தன, தூரங்கள் காதில் இருந்து வந்தன.

கொம்பியூட்டரில Praat இருக்கு. அது எண் தருது. பிறகு ஏன் காது?

Praat ஒலிப்பதிவை அலசும் நல்ல மென்பொருள், நானும் வைத்திருக்கிறேன். வாயின் ஒத்திசைவு அதிர்வெண்களை அது F1, F2 என்று வரிசையாகத் தரும். முதல் இரண்டைக் கவனியுங்கள். F1 ஏறினால் உயிர் கீழே இறங்கியிருக்கிறது. F2 குறைந்தால் உயிர் பின்னே போயிருக்கிறது, அல்லது உதடு குவிந்திருக்கிறது. 'அல்லது' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். 'முத்து'வில் நாம் சந்தித்த அதே சிக்கல் இங்கேயும் வருகிறது. F2 மட்டும் பார்த்து, குறைந்தது நாக்காலா உதட்டாலா என்று சொல்ல முடியாது. அதற்கு உதட்டைப் பார்த்த கண் வேண்டும்.

எண்ணே பிழையாக வரும் இடமும் உண்டு. மென்பொருளில் `Formant ceiling` என்ற, பழைய பதிப்புகளில் `Maximum formant` என்ற, அளவை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹேர்ட்ஸ் என்று வைப்பது வழக்கம். அதை மாற்றாமல் விட்டால் ஊவுக்கு F2 என்று அது காட்டுவது உண்மையில் F3 ஆக இருக்கலாம். ஊ முன் உயிர் என்று எண் சொன்னால், எண்ணை நம்பாமல் அமைப்பைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் கரும்பட்டையின் மேல் விழுகின்றனவா என்று கண்ணால் பார்த்தாலே பிழை தெரியும்.

கரண்ட் இல்லாத நாளில் F2ஐக் காதாலேயே கேட்கலாம். ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்ற வரிசையைக் குரல் இல்லாமல் கிசுகிசுத்துப் பாருங்கள். சுருதி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கம் அநேகமாக F2தான். இப்போது 'முத்து'வின் இரண்டு உகரங்களையும் அதே மாதிரிக் கிசுகிசுத்தால், இரண்டாவது மேலே நிற்பது கேட்கும்.

பொட்டு வைச்சாச்சு. அதைச் சொல்லில எப்படி எழுதுறது?

உயரம், முன்பின், உதடு என்ற வரிசையில் எழுதுங்கள். பிறகு கிட்ட உள்ள கல்லைச் சொல்லி, அதில் இருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று சேருங்கள். யார் வாயில், எந்தச் சொல்லில் கேட்டது என்பதையும் எழுத வேண்டும். போன கிழமை ஒரு பிள்ளை எழுதியதைக் கொஞ்சம் திருத்தித் தருகிறேன்:

"முத்து, என் பேச்சு, மூன்று தரம் பதிந்தது. முதல் உயிர்: மேல் பின்னுயிர், இதழ் குவிந்தது, 8க்குச் சற்றுக் கீழே, சற்று உள்ளே. கடைசி உயிர்: மேல் உயிர், இதழ் குவியாதது, 16இல் இருந்து சற்றுக் கீழே, நடுப்பக்கமாகக் கிட்டத்தட்டப் பாதித் தூரம். மூன்றாம் தரம் மெதுவாகச் சொன்னபோது உதடு சற்றுக் குவிந்தது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை."

அந்தக் கடைசி வரியை அவர் தானாகவே எழுதியிருந்தார். நான் திருத்தியது 'பாதித் தூரம்' என்ற இடத்தை மட்டும்தான். அங்கே அவர் 'கொஞ்சம்' என்று எழுதியிருந்தார். பதிவைத் திரும்பக் கேட்டபோது, பொட்டு அவர் நினைத்ததைவிட நன்றாக உள்ளே இருந்தது.